சொன்னவர் யாரென்று தெரியாமல்

கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு மாவு ஆலை. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் இறங்கும் மரவள்ளிக் கிழங்கை அங்கே அரைப்பார்கள். நான் அதில் பணியாளர் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் மாவு வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று, உள்ளே நடக்கும் தவறைத் தைரியமாகச் சொல்ல ஆலையில் வழி இருக்க வேண்டும், சொன்னவருக்குப் பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டது.

முதலாளி கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் வியாபாரம் செய்து வளர்ந்தவர். “நெட்ல இருக்கும்மா. ஒண்ண எடுத்து, பேர மாத்திப் போட்டுடு” என்றார்.

அப்படியே ஒரு கொள்கையை எடுத்து, பேரை மாற்றிப் போட்டேன். கேன்டீன் சுவரில் ஒரு புகார்ப் பெட்டியும் மாட்டினோம். ஒரு துண்டுச் சீட்டுகூட விழவில்லை. தவறே நடக்காத ஆலையா இது? எனக்குள் குறுகுறுப்பு. ஒருநாள் காவலாளி அறைக்குப் போனபோது கேமரா திரையைப் பார்த்தேன். திரையின் நட்டநடுவில் எங்கள் பெட்டி! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து யோசித்தேன். சீட்டில் ஒருவர் பேரில்லாமல் எழுதினால் அவரிடம் மேற்கொண்டு எப்படிக் கேட்பது? போன் நம்பர் கொடுத்தாலும், ஆலைக்குள் யாராவது எடுத்தால் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களே? விழுப்புரத்தில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தேன். அழைப்பு அவருக்குப் போகும். அழைத்தவர் தமக்குப் பிடித்த ஒரு சொல்லை அடையாளமாகச் சொல்லி வைப்பார். பிறகு அதே சொல்லைச் சொல்லி அழைத்தால், நாங்கள் கேட்டிருக்கும் கேள்வியையும் எடுத்த நடவடிக்கையையும் வக்கீல் சொல்வார். எங்களுக்கு எழுத்தில் விஷயம் மட்டும் வரும். அழைத்த எண்ணை எங்களுக்குத் தரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். கோர்ட் கேட்டால் மறைக்க முடியாது என்பதையும் தொழிலாளர்களிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

“மொதலாளியப் பத்தியே புகார் வந்தா?” என்று முதலாளியிடமே கேட்டேன்.

“நம்ம மச்சான் போர்டுல இருக்காரே.”

“சொந்தம் வேணாங்க.”

கடைசியில், உறவோ பங்கோ இல்லாத ஓர் இயக்குநருக்கு அப்படிப்பட்ட புகார் நேராகப் போகும் என்று சம்மதித்தார்.

முதல் தகவல் வந்தது. அரவை மெஷினின் பெல்ட்டுக்கு மேல் இருக்கிற மூடியை ஆய்வு வரும்போது மாட்டுகிறார்கள், போனதும் கழற்றிவிடுகிறார்கள். அடையாளச் சொல் ‘பலாச்சுளை’.

“யாருன்னு மட்டும் சொல்லும்மா, நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்” என்றார் முதலாளி.

“எனக்கே தெரியாதுங்க.”

உடனே போய்ப் பார்க்கத்தான் கால் துடித்தது. ஆனால் அந்த மெஷினில் வேலை செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நேரே அங்கே போய் நின்றால் அவர்கள் மேல்தான் சந்தேகம் விழும். ‘பலாச்சுளை’ அழைத்தால் எப்படிப் போய்ப் பார்ப்பது என்று கேட்கும்படி வக்கீலிடம் சொன்னேன். மறுநாளே பதில் வந்தது. “பாய்லர்ல ஆரம்பிச்சு எல்லாத்தையும் பார்க்கச் சொல்லுங்க. அரவைக்கு நடுவுல வாங்க.”

அப்படியே ஆலை முழுக்கச் சோதித்தோம். மூடி ஒரு மூலையில் சாக்குக்குக் கீழே கிடந்தது. கிழங்கு அடைத்துக்கொண்டால் சீக்கிரம் எடுக்க வசதி என்று உற்பத்தி மேலாளர்தான் கழற்றச் சொல்லியிருந்தார்.

விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த வாரமே அரவையில் இருந்த ஒரு மலைக்காரரை லாரி இறக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார் மேலாளர். மாற்றப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் ஒண்ணுமே சொல்லலீங்க. எனக்கு அந்த நம்பரே தெரியாதுங்க. இன்னாத்துக்கு மாத்தினாருன்னு புரியல.”

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எங்கள் கொள்கையோ ‘புகார் செய்தவர்’ என்றுதான் பாதுகாப்புப் பேசியது. நான் எழுதியதில் இருந்த ஓட்டை அன்றுதான் கண்ணில் பட்டது.

முதலாளியிடம் போனேன். மேலாளரும் இருந்தார்.

“அவன் சொல்லவேயில்லன்றான். அப்புறம் எதுக்குப் பாதுகாப்பு?” என்றார் மேலாளர்.

“சொன்னவங்கள மட்டும் காப்பாத்தினா, நாம காப்பாத்துறவர்தான் சொன்னவருன்னு ஊருக்கே தெரிஞ்சிடுங்க. சந்தேகப்பட்டு யாரத் தொட்டாலும் தப்புதான். மாத்தினதுக்கு வேற காரணம் இருந்தா நீங்க காட்டணும்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஆள பழைய எடத்துக்கே அனுப்பு. இனி அங்க யார மாத்துறதானாலும் இந்தம்மா பார்த்துட்டுத்தான்” என்றார் மேலாளரிடம். மேலாளருக்கு எழுத்தில் எச்சரிக்கையும் போனது. ‘புகார் செய்தவர், செய்ததாகக் கருதப்படுபவர், விசாரணைக்கு உதவியவர்’ என்று கொள்கையை அன்றே திருத்தி எழுதினேன்.

மூடி திறந்தால் மோட்டார் தானே நிற்கும்படி பிறகு ஒரு சுவிட்ச் வைத்தோம். ‘பலாச்சுளை’ ஒருமுறை அழைத்து, “இப்ப சரியா இருக்குதுங்க” என்றாராம். ஆணா பெண்ணா என்று வக்கீலிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேன்டீனில் டீ குடிக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். இவராக இருக்குமோ, அந்தம்மாவாக இருக்குமோ என்று தோன்றும். கடைசிவரை கேட்கவில்லை.