அக்டோபருக்கு ஒரு படம்

யுவராணிக்குச் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் கணக்குப் பார்க்கும் வேலை. கார்த்திகை பிறந்ததும் அந்த வேலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். புகுந்த வீட்டின் மூன்று குடும்பங்களுக்கும் பொதுவாகப் புதுவருடக் காலண்டர் ஒன்று அடிப்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம். அந்தந்த மாதத்தில் எடுத்தது அந்தந்த மாதத்துக்கு. படங்களை எடுப்பவர் அவள் கணவர் மலைச்சாமி. பொறுக்குபவள் அவள்.

பொறுக்குவதில் அவளுக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரே வீட்டு ஆட்கள் அடுத்தடுத்த மாதங்களில் வரக்கூடாது. கூட்டமாக நிற்கிற படத்துக்குப் பின்னால் ஒரு முகம் மட்டும் தெரிகிற படம் வரவேண்டும். பட்டுச்சேலைச் சிவப்புக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டப் பச்சை. ஆளே இல்லாமல் ஒரு மாதமாவது இருந்தால்தான் மற்ற மாதங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பன்னிரண்டையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, கட்டில் மேல் ஏறி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். எந்த மூலை கனமாகத் தெரிகிறதோ அங்கே மாற்றுவாள். "கலெக்டர் ஏறிட்டாக, எல்லாரும் எந்திரிங்க" என்பார் மலைச்சாமி.

இந்த வருடம் ஆனி மாதம் மலைச்சாமி போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி என்றார், கம்பம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போகும்போது பேச்சு நின்றிருந்தது.

ஜூன் வரைக்கும் படங்கள் குவிந்து கிடந்தன. பொங்கல், குலசாமி கோயிலில் மாசிப் பச்சை, வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம். ஜூலையிலிருந்து ஒன்றுமில்லை. துக்க வருடம். பங்காளி வீடுகளுக்குப் பண்டிகை கிடையாது. காலண்டரின் பின்பாதி அப்படியே ஓட்டையாக நின்றது. இந்த வருடம் விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். விட்டால் அவர் கையால் எடுத்த முன்பாதியும் போய்விடும். அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள்: யாரிடமாவது, எதுவாவது இருந்தால் அனுப்புங்கள்.

வந்தன. மூத்த ஓரகத்தி மொக்கம்மாள் வீட்டுக் கன்றுக்குட்டி. அணையில் தண்ணீர் திறந்தது. இளைய கொழுந்தன் விஜய்பாண்டியின் மனைவி சுபாஸ்ரீ ஒரு படம் அனுப்பினாள். அவள் அம்மா வீடு இருக்கும் குமுளியில், ஒரு வாசற்படியில் நெருக்கிக்கொண்டு மொக்கம்மாள், சுபாஸ்ரீ இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும். கீழே ஒரு வரி: "பங்குனில போனப்ப எடுத்ததுக்கா. எங்கயாவது சேத்துக்கோங்க."

நல்ல படம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்திருந்தார்கள். மார்ச்சில் அதை வைத்துப் பார்த்தாள். வைத்த கை நின்றது.

முன்வரிசையில் சுபாஸ்ரீயின் மகள் வாய் நிறையச் சிரித்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அந்தப் பற்கள் விழுந்தது ஆவணியில். யுவராணியின் வீட்டில், அவள் கொடுத்த முறுக்கைக் கடித்தபோது. கூரைமேல் எறியச் சொல்லி அழுதவளைத் தூக்கிப் பிடித்ததும் அவள்தான்.

பங்குனியில் எடுத்த படத்தில் ஆவணியில் விழுந்த பல் எப்படி இல்லாமல் போகும்?

மறந்துபோய்த் தப்பாகச் சொல்லியிருப்பாள் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். பிறகு படத்தின் வடிவத்தைப் பார்த்தாள். ஒல்லியாக இருந்தது. வலது ஓரத்தில் நின்ற மொக்கம்மாளின் தோள் பாதியில் நறுக்கியிருந்தது. யாரோ இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். காலண்டருக்கு அகலமான படம் வேண்டும் என்று வருடா வருடம் சொல்கிறவளுக்கு, வெட்டிய படத்தை எதற்கு அனுப்ப வேண்டும்?

போன் போட்டாள்.

"சுபா, இது பிரிண்ட்டுக்குத் தாங்காது. வெட்டாத படத்தை டாக்குமெண்ட்டா அனுப்பிவிடு."

"அது... டெலீட் ஆயிருச்சுக்கா."

"ஒங்க வீட்டுக்காரர் போன்ல இருக்கும்ல?"

"அவரு போன்லயும் இல்லக்கா. இது வேணாம்னா விட்ருங்க. கன்னுக்குட்டியவே ரெண்டு மாசத்துக்குப் போடுங்க."

கன்றுக்குட்டியை இரண்டு மாதத்துக்கு. காலண்டரில் தன் மகள் முகம் சின்னதாக இருக்கிறது என்று போன வருடம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் சொல்கிற பேச்சா இது?

விஜய்பாண்டிக்கு யுவராணி தனியாக ஒரு செய்தி போட்டாள். அவன் தேனியில் டிராக்டர் ஷோரூமில் வேலை நேரத்தில் இருப்பான், யோசிக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். "குமுளி வாசப்படி படம், முழுசா, டாக்குமெண்ட்டா வேணும்." டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. "இந்தாங்க மதினி."

முழுப் படத்தில் வாசற்படிக்கு இடப்பக்கம் பெரிய கோலம். வலப்பக்கம் மத்தாப்புப் பெட்டிகள், ஒரு தட்டில் அதிரசம். எல்லோர் மேலும் மடிப்புக் குலையாத புதுத்துணி. மொக்கம்மாளுக்கு மயில்கழுத்து நிறச் சேலை. படத்தின் விவரத்தைத் தட்டினாள். அக்டோபர் இருபது. தீபாவளி.

அன்றைக்கு அவள் வீட்டில் இட்லியும் சட்னியும். விடுதியிலிருந்து வந்திருந்த மகன், ஊரெல்லாம் வெடிக்கிற சத்தத்தில் தூங்க முடியாமல் அவளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "இந்த வருசம் நாம யாருமே கொண்டாடல" என்று மொக்கம்மாள் முந்தின நாள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். யாருமே என்றாள்.

அதற்குப் பிறகு யுவராணிக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. மொக்கம்மாளின் கணவர் நல்லகண்ணு தோட்டத்துக் காயைத் தானே மண்டிக்குக் கொண்டுவருவதை நிறுத்தி ஆள் அனுப்பியது. அவள் உள்ளே நுழைந்தால் இரண்டு ஓரகத்திகளும் மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது. மூன்று குடும்பம் என்பது இரண்டாகிவிட்டதோ? அவள்தான் இன்னும் பன்னிரண்டை மூன்றால் வகுத்துக்கொண்டிருக்கிறாளோ?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓரகத்திகள் இருவரும் வந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்ப்பது வழக்கம். தரையில் பன்னிரண்டும் கிடந்தன. மொக்கம்மாள் ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ராட்டினத்துல இது யாரு, எங்க வீட்டுக்காரரா? வாயப் பாரு, ஈ போயிரும்."

சுபாஸ்ரீ சிரித்தாள். செப்டம்பரில் அணைத் தண்ணீர். அக்டோபரில் வெட்டாத குமுளிப் படம். சிரிப்பு நின்றது.

"பங்குனிப் படத்தத் தப்பா வச்சிருக்கீகளேக்கா" என்றாள், குரல் கொஞ்சமாய்.

"பங்குனியில மத்தாப்பு விக்கிறானா ஒங்க ஊர்ல?"

மொக்கம்மாள் கீழே உட்கார்ந்தாள். "ஆத்தா, பிள்ளைக ஏங்கிப் போச்சுக. அவ அம்மா வீடு பங்காளி வீடில்லையே, தோசமில்லன்னு பெரியவுக சொன்னாக. ஒனக்குத் தெரிஞ்சா மனசு நோகுமேன்னுதான்."

"பிள்ளைக கொண்டாடுனா எனக்கு ஏங்க்கா நோகப்போகுது. என் பயலும் பிள்ளைதான். அவன் அன்னைக்கு இங்கனதான கெடந்தான்."

சுபாஸ்ரீ மூக்கை உறிஞ்சினாள். மொக்கம்மாளின் கை அக்டோபர் படத்தை எடுக்கப் போனது.

"எடுக்காதீக. அந்த மாசத்துக்கு வேற படம் இல்ல."

"சரி, இது என்ன?" மொக்கம்மாள் நவம்பரைக் காட்டினாள். இருட்டுச் சமையலறையில், எரியாத விளக்குக்குக் கீழே, யுவராணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பய எடுத்தது. அதுவும் தீபாவளியன்னைக்குத்தான். அக்டோபர்ல எடமில்ல. கூட்டத்துக்கு அடுத்து ஒத்தையாள் வரணும்ல, அதான் இங்க தள்ளுனேன்."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடணுமா? நாலு பேரு வந்து போற வீடு."

"வர்றவுகளுக்கு என்ன தெரியும்க்கா. படம் நல்லாருக்குன்னுவாக."

மொக்கம்மாள் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். போகும்போது, "எத்தனை அடிக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

"வழக்கம்போலதான். வீட்டுக்கு ஒண்ணு."

தேனியில் அச்சடித்து வாங்கி, மார்கழி நடுவில் இரண்டு வீட்டிலும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மொக்கம்மாள் அவள் கண்முன்னாலேயே ஆணியில் மாட்டினாள். ஜனவரிப் பொங்கல் பானை நன்றாகத்தான் இருந்தது. செப்டம்பர் முடிகிற அன்று அந்த வீட்டில் ஒரு தாளைத் திருப்புவார்களா, அக்டோபர் கண்ணில் படாமல் இரண்டைச் சேர்த்துத் திருப்பிவிடுவார்களா என்பதுதான் யுவராணிக்குப் பிடிபடவில்லை. அக்டோபரில் ஒருநாள் சொல்லாமல் போய்ப் பார்த்துவிடுவது என்று இருக்கிறாள்.