ராத்தாவின் வீட்டுக்கு உரிமை கோரியவர்கள்

தன் நகையை விற்றுக் கட்டிய வீட்டில், கட்டியவளுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் உண்டு என்று சொன்னால் அதை யார் நம்புவார்? எங்கள் குடும்பத்தில் ஒருவர் முழு மனதாக நம்பினார். அவர் என் மூத்த சகோதரர். அவரை நானா என்று அழைப்போம். அந்த நம்பிக்கையில் அவர் மாத்தளை நீதிமன்றத்தில் பங்கு வழக்கும் தொடுத்தார்.

நாலந்தாவுக்குப் போகும் பாதையோரம் வாப்பா விட்டுச்சென்ற ஒரு மிளகுத் தோட்டம் எங்களுக்கு இருந்தது. உம்மா முன்பே காலமாகிவிட்டதால் பிள்ளைகள் மூவருமே வாரிசுகள். எங்கள் மார்க்க முறைப்படி ஆண்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, அக்காவான ராத்தாவுக்கு ஒரு பங்கு. ராத்தா எனக்கு மூத்தவள், நானாவுக்கு இளையவள். கணவனை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளுடன் திரும்பி வந்த அவள், வாப்பாவின் மறைவுக்குப் பிறகு அந்தத் தோட்டத்தின் பாதையோர மூலையில் வீடு கட்டத் தொடங்கினாள். கல்யாணத்தில் மாப்பிள்ளை கொடுத்த மஹர் நகை அத்திவாரமாயிற்று. மூன்று அறுவடை மிளகில் அவளுக்குச் சேர வேண்டிய பங்கு சுவராயிற்று. அயல் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்த சட்டைகள் கூரை ஓடுகளாயின. நானாவின் பங்களிப்பையும் மறைப்பது நியாயமல்ல: அத்திவாரக் கல் வைத்த அன்று ஓதிய மவ்லூதுக்கு வந்து, சோற்றை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, கதவு கிழக்குப் பார்த்து இருக்கட்டும் என்று ஆலோசனை சொன்னார்.

சில ஆண்டுகளில் நகரத்திலிருந்த அவரது புடவைக் கடைக்கு முதலீடு தேவைப்பட்டது. அப்போதுதான் கூட்டு நிலம் எவ்வளவு அநீதியானது என்பது அவருக்குப் புலப்பட்டது. நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து முடித்து, சொத்துடைமை குறித்து எவரும் கேட்காமலே விளக்கமளிக்கும் வயதில் இருந்தேன். நானா என்னைக் கடைக்கு அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் தேநீர் வாங்கிக் கொடுப்பது பெருநாளை விட அரிது.

"ஊட்டையும் சேத்துத்தான் பங்கு போடணும் தம்பி. ஒனக்கும் அதுல அஞ்சுல ரெண்டு வருது. நீ ஒரு செங்கல் கூட தூக்கல்ல, அல்லாஹ் தாறான்" என்றார்.

அல்லாஹ்வின் கொடையை ராத்தாவின் கூரைக்குள்ளிருந்து எடுத்துத் தரும் அந்த ஏற்பாட்டை நான் மறுத்தேன். படிப்பு என்னைக் கெடுத்துவிட்டது என்பது அவரது முடிவு.

பங்கு வழக்கில் முதற்படி, நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளர் காணிக்கு வருவது. தமுக்கடித்து அறிவித்த பின், அவர் எல்லைகளை அளப்பார். கட்டடம், கிணறு, பயன்தரும் மரம் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்து, இதற்கு யார் உரிமை கோருகிறீர்கள் என்று அங்கேயே நின்று கேட்பார். கிடைத்த பதிலை அறிக்கையில் எழுதி, மதிப்பையும் சேர்த்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.

எங்கள் வீடுகளில் அந்நிய ஆண்கள் வந்தால் பெண்கள் முன்னறைத் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். பேச வேண்டியதை வீட்டு ஆண் பேசுவார். நீதிமன்றத்துக்கு இந்த வழக்கம் தெரியாது. நானாவுக்கு நன்றாகத் தெரியும்.

அளவையாளர் வந்த அன்று ராத்தா உள்ளிருந்தபடியே அவருக்கும் அளவுச் சங்கிலி பிடிப்பவர்களுக்கும் இனிப்பான வட்டிலப்பம் செய்து அனுப்பினாள். பலா மரங்களுக்கும் கொக்கோ மரங்களுக்கும் உரிமை கோருவதில் பெரும் சண்டையே நடந்தது. வீட்டின் முறை வந்தபோது நானா மிக அமைதியாகச் சொன்னார்:

"இது எங்க எல்லாருக்கும் உள்ள ஊடு, ஐயா."

ராத்தா தன் செலவில் கட்டியது என்று நான் குறுக்கிட்டேன். அளவையாளர் பென்சிலை உயர்த்தி, "நீங்க உரிமை கோருறீங்களா?" என்றார். எனக்கில்லை, அவளுக்கு என்றேன். "அப்ப அவங்களே சொல்லட்டும்" என்றார். உரிமை கோருபவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி.

நான் திரைக்குப் பின்னால் போனேன். ராத்தா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன்.

"நானா நிக்கக்கொள்ள அவர பொய்யனாக்கி நான் எப்புடி வெளிய வாற? அவரு அப்புடி எழுத உட மாட்டாரு" என்றாள்.

அவர் எழுத விட்டார். அறிக்கையில் வீடு மூவருக்கும் பொதுவானது என்று பதிவாயிற்று. வட்டிலப்பம் நன்றாயிருந்தது என்பது மட்டும் பதிவாகவில்லை.

அறிக்கை சொல்வது முடிவல்ல, ஆனால் பாரமானது என்று ராத்தாவின் வழக்கறிஞர் விளக்கினார். நீதிமன்றத்தில் உரிமைக் கோரிக்கை எழுதிக் கொடுக்கலாம். அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தோற்றால் அவளுடைய வீடு ஐந்து துண்டு; அவளுக்கும் இரு பெண்களுக்கும் அதில் ஒன்று.

ராத்தா கோரிக்கையை எழுதிக் கொடுத்தாள். வழக்கு நாளில் முதலில் சுவர் எழுப்பிய மேசன் பாஸ் சாட்சி சொன்னார். கூலி கொடுத்தது யார் என்று கேட்டதற்கு ராத்தாவைக் காட்டினார். பிறகு நானா கூண்டில் ஏறினார். தங்கை கட்டும்போது எதிர்ப்புத் தெரிவித்தீர்களா என்ற கேள்விக்கு, தெரிவிக்கவில்லை என்றார். கூடப்பிறந்தவளை எப்படித் தடுப்பது என்று கண்கலங்கினார். பாசத்தால் தடுக்காத வீட்டைப் பாசத்தோடே பங்குபோடக் கேட்பதில் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை.

கடைசியாக ராத்தா. தலைச்சீலையை இழுத்துவிட்டபடி கூண்டில் நின்றாள். அளவையாளர் முன் ஏன் பேசவில்லை என்று நானாவின் வழக்கறிஞர் கேட்டார்.

"வாப்பா மவுத்தான நாள்லருந்து எனக்கு வேண்டியதெல்லாம் நானாதான் பேசுவாரு. அவரு பேசக்கொள்ள குறுக்க பேசி எனக்குப் பழக்கமில்ல. இன்டைக்குத்தான் பழகுறேன்" என்றாள்.

வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டைக் கட்டியவள் அவளே என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நானா தளரவில்லை. அப்படியானால் வீட்டின் பெறுமதியை அவள் பங்கில் கழித்துக்கொண்டு, மண் முழுவதையும் எங்களுக்குத் தாருங்கள் என்றார். வீட்டையும் அவள் பங்காகவே எண்ணும் இந்தக் கணக்கை அவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை. நான் படித்த பொருளியலில் அது இல்லை. நீதிமன்றம் மண்ணைத் தனியாகவும் அதன் மேம்பாடான வீட்டைத் தனியாகவும் மதிப்பிட்டது. பங்கு மண்ணுக்கு மட்டும், வீடு அவளுக்கு. முடிந்தவரை வீடு நிற்கும் துண்டும் கட்டியவளுக்கே.

அத்தோடு நீதி முழுமையடைந்துவிட்டது என்று எண்ணி விடக்கூடாது. பின்பக்கத்தைவிடப் பாதையோர மண் விலை கூடியது. வீட்டுக்குப் போதிய துண்டை ஒதுக்கியபோது அதன் மண்பெறுமதி அவளுடைய ஐந்தில் ஒன்றைத் தாண்டியது. அந்த வித்தியாசத்தை எங்கள் இருவருக்கும் அவள் பணமாக ஈடுசெய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. வீட்டுக்கு அவள் போட்ட பணம் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. வழக்குக்குச் செலவிட்டது எவ்வளவு என்றும் கேட்கவில்லை. எனக்கு வரவேண்டியதை வாங்காமலே வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுத்தேன். நானா தன்னுடையதைக் கடைசிச் சதம்வரை வாங்கினார். அதைக் கொடுக்க ராத்தா தையல் இயந்திரத்தை விற்றாள்.

நானா தன் பின்துண்டை விற்றுக் கடையில் போட்டார். ராத்தா அந்த வீட்டிலேயே இருந்தாள். இரண்டு பெண்களுக்கும் அங்கிருந்தே நிக்காஹ் நடந்தது, அவர்களுக்காகச் சம்பந்தம் பேச அவள் எவரையும் அனுப்பவில்லை, தானே பேசினாள். பெருநாளைக்கு நானா வந்தால் சலாம் சொல்வாள், சோறு வைப்பாள், வேறெதுவும் பேசமாட்டாள்.