பதின்மூன்றாம் நம்பர் சீட்டு

சித்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி ஸ்டோரில் சரக்கு எண்ணுவதற்குத் தாளும் சீட்டும் தயாரித்த மேதை நான்தான். கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு இருப்பு என்பது தாளில் இருக்காது; பார்த்துப் போட்டுவிடக்கூடாதே. எண்ணியதை மட்டும் எழுதவேண்டும். அலமாரிக்கு ஒரு நம்பர் சீட்டு. எண்ணியவர் பாதியைக் கிழித்துத் தாளோடு தந்துவிட்டால், அந்த அலமாரியை வேறு யாரும் தொடக்கூடாது.

"எங்கள திருடன்னு நெனச்சிக்கினுதான இத்த பண்ணீங்க?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

சாயங்காலம் என்னிடம் வந்துசேர்ந்த பாதிச் சீட்டுகளில் பதின்மூன்றைக் காணோம். அலமாரி ஒன்றை ஸ்டோர்கீப்பர் மறைத்துவிட்டதாகச் சூப்பரிண்டெண்டுக்கு எழுதிக்கொடுத்தேன். ஸ்டோர்கீப்பர் வேலைக்கே ஆபத்து. அவரோ என்னை இழுத்துப்போய், பன்னிரண்டுக்கு அடுத்து பதினான்கு தொங்குவதைக் காட்டினார்.

"நடுவுல அலமாரி எங்க கீது சார்?"

இல்லை. சீட்டுக்கு எண் போட்ட என் கை, பதின்மூன்று ஆகாத எண் என்று மிஷன் பள்ளியில் வெள்ளைக்காரத் துரைசானி ஊட்டிய பயத்தில் அதைத் தாண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வாயால சொல்லாதீங்க. சூப்பரிண்டெண்டுக்கு குடுத்த அதே காகிதத்துல எழுதுங்க."

எழுதினேன்.