ஏழு வெள்ளிச் சாப்பாடு எட்டானபோது

குருபோங்கில் வீட்டிலேயே சமைத்து, தொழிற்சாலை ஆட்களுக்கு ஏழு வெள்ளிக்கு, அதாவது ஏழு ரிங்கிட்டுக்கு, மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோழி, எண்ணெய் விலை ஏறியதில் ஒவ்வொரு பொட்டலமும் கையைக் கடித்தது. விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். கூட்டாவிட்டால் அடுப்பையே அணைக்க வேண்டும்.

ஃபேஸ்புக்கில் சாப்பாட்டுப் படத்துக்குக் கீழே என் கஷ்டத்தையெல்லாம் கொட்டி, புது விலையைக் கடைசி வரியில் ஒளித்து எழுதினேன். மகள் படித்துவிட்டு, "அம்மா, அழுவுற மாதிரி இருக்குலா. விலைய மொத வரியிலயே போடுங்க," என்றாள்.

அழித்துவிட்டு எழுதினேன்: "அடுத்த திங்கள் முதல் சாப்பாடு எட்டு வெள்ளி. இப்போது ஏழு. கோழி, எண்ணெய் ஏறிவிட்டது. அளவு குறையாது. முன்பணம் கட்டியவர்களுக்கு இந்த மாதம் பழைய விலைதான்."

பலர் பார்த்தார்கள், யாரும் பதில் போடவில்லை. மூன்று பொட்டலம் வாங்கும் அண்ணன் மட்டும், "இனி ஒண்ணு போதும்மா," என்று எழுதினார். குளியலறைக்குள் போய் அழுதேன்.

திங்களன்று பயந்துபோய்ப் பாதி அரிசிதான் போட்டேன். காலையிலேயே, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையிலிருந்து வழக்கமாகச் சாப்பாடு வாங்கும் அக்கா அழைத்தார்.

"அளவு குறையாதுன்னு போட்டிருந்தீங்கல்ல, கூட வேலை செய்றவங்ககிட்டயும் காட்டுனேன். இன்னிக்கு அஞ்சு பேருக்குச் சேர்த்துக் கட்ட முடியுமா?"

"முடியும்க்கா," என்று சொல்லி, இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றினேன்.