ஆறு வயதுக் கணக்கின் சொந்தக்காரி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சமூக வலைத்தளத்தில் நான் வைத்திருந்த தையல் வேலைக் கணக்கு பூட்டப்பட்டது. காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டு, வந்திருந்த செய்திகளைப் பார்க்கலாமென்று தொலைபேசியை எடுத்தால் ஒரே ஒரு வெள்ளைத் திரை. இந்தக் கணக்கு வயது குறைந்த ஒருவருடையதாக இருக்கலாம், முப்பது நாட்களுக்குள் வயதை உறுதிப்படுத்தாவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும் என்று எழுதியிருந்தது.

நான் இருபத்தெட்டு வயதுக்காரி. உயர்தரம் வரை படித்தவள். என்ன குற்றம் செய்தேனென்று விளங்காமல் அந்த வரியை ஐந்து தடவை வாசித்தேன்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த, அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுகிறவளிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

"கணக்குக்குப் புள்ளட படத்த வெச்சா, புள்ளட கணக்கெண்டுதானே நினைக்கும்? ஆறு வயசுக்காரி அபாயா தைக்கிறாவாம்!"

காரணம் அதுதானா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் தங்கள் முகத்தை வெளியில் போடுவதில்லை. பிள்ளையின் படத்தைத்தான் போடுவோம். போன மாதம் வைத்த மகளின் படத்துக்குக் கீழே நாற்பது பேர், 'ஆறாவது பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள்.

கணக்குப் போனால் போகட்டும் என்று விட முடியாது. அலுமாரிக்குள் அபாயா அங்கி தைக்கக் கொடுத்த பதினொரு பேருடைய துணி இருந்தது. நிந்தவூரிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய துணிகள். அவர்களில் பலரை நான் கண்டதேயில்லை. தோள், கை, உயரம் எல்லா அளவுகளும் அந்தக் கணக்கின் செய்திகளுக்குள்ளேதான். ஒருவருடைய தொலைபேசி இலக்கமும் என்னிடம் தனியாக இல்லை. கொப்பியில் எழுதிவை என்று உம்மா எத்தனை தரம் சொன்னா! நம்பி ஒப்படைத்த அமானிதமாக வந்த துணியை வைத்துக்கொண்டு காணாமற்போனவள் என்று பேர் எடுக்கப்போகிறேனே என்று பயந்தேன்.

திரை இரண்டு வழி தந்தது: முகத்தை வீடியோ எடுப்பது, அல்லது அடையாள ஆவணத்தைப் பதிவேற்றுவது. முகம் காட்டுவதா என்று அரை நாள் யோசித்தேன். வயதைக் கணிக்க மட்டுமே அந்த வீடியோ, பிறகு அழிக்கப்படும், வேறு யாருக்கும் காட்டப்படாது என்று கீழே சிறிய எழுத்தில் இருந்ததை முழுதாக வாசித்த பிறகுதான் துணிந்தேன். அடுப்படிக் குசினி வெளிச்சத்தில், முக்காடு நெற்றியில் இறங்கிக் கிடக்க, பயந்து பயந்து தலையைத் திருப்பினேன். வயதைக் கணிக்க முடியவில்லை என்று பதில் வந்தது.

அடுத்தது அடையாள அட்டை. அதிலும் எனக்குப் பயம். மறைக்கக்கூடியதையெல்லாம் மறைக்க வேண்டுமென்று வெள்ளைத்தாளை நறுக்கி, பெயரையும் விலாசத்தையும் பிறந்த திகதியையும் மூடினேன். படமும் இலக்கமும் மட்டும் தெரிந்தன. எங்கள் பழைய அட்டையின் இலக்கத்தைப் பார்த்தாலே வயது தெரியுமே! முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு ஐந்நூறு கூட. பிரதேச செயலகத்தில் எழுதுகிறவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கெட்டித்தனமாகச் செய்துவிட்டேன் என்று எனக்கே பெருமை.

மறுநாள் அதுவும் நிராகரிக்கப்பட்டது.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, ராத்தாவின் தொலைபேசியில் பெண்கள் குழுவொன்றில் என் கதையை எழுதி உதவி கேட்டேன். கொஞ்ச நேரத்தில், அந்தத் தளத்தின் சின்னத்தோடு ஒரு செய்தி. 'நாங்கள் உதவிக் குழு. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் அனுப்புங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் தாருங்கள். அதற்கு வரும் ஆறு எண்களைச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்தில் திறக்கும்.'

பதறிப்போய் என் இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன். உடனே என் தொலைபேசிக்கு, அந்தத் தளத்திலிருந்து கணக்குக்குள் நுழைவதற்கான ஆறு எண்கள் வந்தன.

"அனுப்பன் புள்ள, என்னத்துக்கு யோசிக்கிறாய்?" என்றாள் ராத்தா. "ஒனக்கு உப்புப் போடவும் ஒம்பது தரம் யோசின."

"ராத்தா, இந்த எண்ணோட வந்திருக்கிறத வாசிங்க. ஒருத்தருக்கும் சொல்ல வேணாமெண்டு அவங்களே எழுதியிருக்காங்க. மறுவா அவங்களே ஏன் கேக்காங்க?"

ராத்தா வாசித்தாள். தொலைபேசியை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

எண்களை அனுப்பவில்லை. அந்த ஆளைப் பற்றித் தளத்துக்கு முறையிட்டு, அவனைத் தடுத்து, என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். யோசித்து யோசித்தே காலத்தைக் கழிக்கிறவள் என்று எல்லோரும் சொல்லுகிற அந்தக் குணம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

இரவு கத்தாரில் வேலை செய்கிற கணவர் தொலைபேசியில் அழைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "நிராகரிச்ச மெயில்ல என்ன காரணம் போட்டிருக்கு?" என்றார்.

நிராகரிக்கப்பட்டது என்ற சொல்லுக்குப் பிறகு நான் ஒன்றையும் வாசித்திருக்கவில்லை. இப்போது வாசித்தேன். 'பிறந்த திகதி தெரியவில்லை. நான்கு மூலைகளும் ஒளிப்படத்துக்குள் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டு மினுங்கக் கூடாது.' தளத்தின் உதவிப் பக்கத்தையும் திறந்தேன். படம், பெயர், பிறந்த திகதி கட்டாயம் தெரிய வேண்டும். ஆவண இலக்கத்தையும் விலாசத்தையும் விரும்பினால் மறைக்கலாம்.

"நான் தலைகீழாச் செஞ்சிருக்கன்," என்றேன். "மறைக்க வேண்டியதக் காட்டி, காட்ட வேண்டியத மறைச்சிருக்கன்."

"கத்தாரில இருக்கிற மெஷினுக்கு நம்மட இலக்கம் வாசிக்கத் தெரியுமா புள்ள?"

"மெஷின் கத்தாரிலயா இருக்கு?"

"எங்கயோ இருக்கு. நம்மட கல்முனையில இல்ல, அது நிச்சயம்."

உதவிப் பக்கத்தின் பட்டியலில் கடவுச்சீட்டும் இருந்தது. அவரிடம் போகவென்று எடுத்து வைத்திருந்த என் கடவுச்சீட்டில் எல்லாம் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கிறது. காலையில் யன்னலோரம் மேசையில் அதை விரித்து, ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்தேன். மேலே உள்ள இலக்கத்தை மட்டுமல்ல, அதே இலக்கம் மறுபடியும் வருகிற கீழ்வரிகளையும் தாளால் மூடினேன். எந்த இணைப்பையும் அழுத்தாமல் செயலியை நானே திறந்து, அந்த வெள்ளைத் திரையிலேயே பதிவேற்றினேன். கடைக்குப் போய் யாருடைய கணினியிலும் ஏற்றவில்லை. பிறகு படத்தைத் தொலைபேசியிலிருந்தும், அழித்தவை தேங்குகிற கூடையிலிருந்தும், தானாகப் பிரதி சேருகிற இடத்திலிருந்தும் நீக்கினேன். மூன்று முறை பார்த்தேன். என் புத்தி அப்படி.

இரண்டு நாள் எதுவும் வரவில்லை. பெருநாளுக்கு ஒன்பது நாள். ராத்தா மறுபடி வந்து, "இனியும் நிராகரிச்சா?" என்றாள்.

"மறுபரிசீலனை கேக்கலாம். முப்பது நாள் முடியல்ல. அதுக்கும் வழி போட்டிருக்கு, வாசிச்சிட்டன்," என்றேன்.

மூன்றாம் நாள், மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்த நேரம். 'உங்கள் வயது உறுதிப்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி. திறந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. பதினொரு பேரும், அவர்களின் அளவுகளும், "தங்கச்சி எங்க போனீங்க?" என்று கேட்ட பதினேழு செய்திகளும்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் மகள் விளையாட்டை விட்டு ஓடிவந்தாள். ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தொறந்துட்டா?"

"ஓம் ராத்தா. நான் பெரிய மனிசியாம். ஒத்துக்கிட்டாங்க!"

முதலில் எல்லாருக்கும் பதில் எழுதி, தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்கினேன். மகளின் படத்தை எடுத்துவிட்டு, நான் தைத்த கறுப்பு அபாயா ஒன்றின் படத்தை வைத்தேன். பிறகு, சாப்பிடக்கூட எழும்பாமல், புதுக் கொப்பியொன்றில் பதினொரு பேரின் அளவுகளையும் இலக்கங்களையும் எழுதினேன். அன்றே நிந்தவூர்க்காரியின் துணியை விரித்தேன். தோள் பதினைந்தரை, கை இருபத்திமூன்று. சோக்குக்கட்டியால் கோடு போட்டபோது என் கை தயங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.