நாற்பத்தாறு அங்குலம்

நெடுந்தீவில் கத்தரீனாவிடம் கலியாண உடுப்புத் தைக்கக் கொடுக்கும் பெண்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நெஞ்சு, இடை, இடுப்பு மூன்றையும் அளந்து முடித்ததும் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்பாள்.

"இதில எது பெரிசு?"

சிலர் சிரிப்பார்கள். சிலர் தலையைக் குனிவார்கள். கடையில் ஆயத்த உடுப்பு வாங்குகிறவர்களுக்கும் அவள் இதை வைத்தே ஒன்று சொல்வாள். "அளவு அட்டவணையில எந்த அளவுக்குப் பெரிய இலக்கம் வருதோ, அதை எடும். மிச்சத்தை நான் பிடிச்சுத் தாறன். கூடின துணியைக் குறைக்கலாம், இல்லாத துணியை நான் எங்கை இருந்து எடுக்கிறது?"

நாற்பத்தொரு வயதில் அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்ல வேண்டி வந்தது.

அவளுடைய முதல் கணவன் ஒன்பது வருடத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு வருடம் கறுப்பு உடுத்தாள். பிறகு பள்ளிக்கூடச் சட்டை, கோவிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும்போது போடும் வெள்ளைச் சட்டை, கலியாணக் கவுன் என்று தையல் மெசினோடு காலம் போனது. வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற குருசுமுத்து, மனைவியை இழந்தவன், ஒருநாள் அறுந்த மெசின் வாரை மாற்றிக்கொடுக்க வந்தான். பிறகு வாரும் அறாமலே வந்தான். ஆறு மாதத்துக்குப் பின் இருவரும் பங்குத் தந்தையிடம் போய்க் கலியாணத்துக்குப் பேசினார்கள்.

"சாறி கட்டிக்கொண்டு விடியப் பூசையோட முடிச்சிட்டு வாரும்," என்றாள் பக்கத்து வீட்டு அல்போன்சம்மா. "இந்த வயசில ஆர் பாக்கப் போகினம்?"

"எல்லாரும் பாக்க வேணுமெண்டுதான் பின்னேரம் வச்சனான். கவுன்தான் போடப் போறன்."

கனடாவில் இருக்கும் தம்பி, கவுனைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னான். தம்பியின் மனைவி ஜெயந்தா ரொறன்ரோவில் கடை கடையாக ஏறிப் படங்கள் அனுப்பினாள். கத்தரீனா ஒன்றைத் தெரிவு செய்தாள். தந்த நிறச் சாட்டின் துணி, உடம்போடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே விரியும் பாவாடை, பின்னால் நிலத்தில் இழுபடும் நீள வால். முதுகில் ஜிப் இல்லை. இரண்டு பக்கமும் துணி வளையங்கள், அவற்றுக்குள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் றிபன், உள்ளே தோல் தெரியாமல் ஒரு மறைப்புத் துணி.

அணியப்போகிற உள்ளுடுப்போடு தன்னை அளந்து, எண்களை எழுதி அனுப்பினாள். நெஞ்சு நாற்பது, இடை முப்பத்துமூன்று, இடுப்பு நாற்பத்தாறு. அந்தக் கடை அட்டவணையில் நெஞ்சும் இடையும் பதினான்காம் இலக்கத்துக்குப் பொருந்தின. இடுப்பு பதினெட்டில்தான் வந்தது. "பதினெட்டு எடும்," என்று எழுதியதோடு நில்லாமல் குரல் பதிவும் போட்டாள்.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, ஜெயந்தா கனடாவிலிருந்து வந்து, குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறித் தீவுக்கு வந்தாள். கடல்தண்ணீர் படாமல் கவுன் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். அல்போன்சம்மாவும் பார்க்க வந்தாள்.

கத்தரீனா றிபனை முழுக்கத் தளர்த்திக் கவுனைத் தலைவழியாகப் போட்டாள். மேற்பகுதி சுகமாக இறங்கியது. பாவாடை இடுப்பில் மாட்டி நின்றது. கால்வழியாக ஏற்றிப் பார்த்தாள். தொடைக்கு மேல் வரவில்லை. உட்பக்கத் துண்டுச்சீட்டைப் புரட்டினாள். பதினான்கு என்று இருந்தது.

"கடைக்காரர் மாறித் தந்திட்டினமோ?"

ஜெயந்தா வெறும் பெட்டியை மூடினாள். "நான்தான் மாத்தினனான், மச்சாள். பதினெட்டு எண்டு சொல்ல எனக்கே ஒரு மாதிரிக் கிடந்தது. முதுகில கயிறு இருக்குத்தானே, தளர்த்திவிட்டால் காணும் எண்டு நினைச்சன். அதுக்குள்ள நீங்களும் கொஞ்சம் மெலிவியள் எண்டு..."

கத்தரீனா கவுனை மேசையில் குப்புற விரித்தாள். "இஞ்சை பாரும். கயிறு எங்கை முடியுது? நாரியோட, இடை முடியிற இடத்தில. அது முதுகுக்குத்தான் விட்டுக்கொடுக்கும். நெஞ்சு, இடை, அதோட சரி. இடுப்பு அதுக்குக் கீழை. அங்கை முழுத் தையல். மூண்டு அங்குலம் குறைவு, நடக்க ஒரு அங்குலம் வேணும். தையலுக்குள்ள விட்டிருக்கிறது அரை அங்குலம்."

"பன்னிரண்டு நாள் இருக்கு, மச்சாள். சோத்தை விட்டிட்டு..."

"இடுப்பெலும்பையும் விடட்டோ?"

அல்போன்சம்மா இடையில் வந்தாள். "அப்ப சாறிதான். நான் அப்பவே சொன்னனான்."

கத்தரீனாவுக்குக் கோபத்தில் கண் நிறைந்தது. அழுகையாக அது இறங்கவில்லை. உள்ளுடுப்போடு அந்த அறை நடுவில் நின்று, அளவுநாடாவை எடுத்து, இரண்டு பேர் முன்னாலும் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"நாப்பத்தாறு. வடிவாப் பாருங்கோ. இதில எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. ஒன்பது வருசமா இந்த மெசினில இருந்து இந்த உடம்புதான் எனக்குச் சோறு போட்டது. பிழை உடம்பில இல்லை, சீட்டில இருக்கிற இலக்கத்தில. துணியைத்தான் மாத்துவன்."

கத்தரிக்கோலை எடுத்துக் கவுனின் வாலைக் கையில் பிடித்தாள். நாலு முழத்துக்குக் குறையாத வால். ஜெயந்தா பதறி எழுந்தாள்.

"ஐயோ மச்சாள், அந்த வாலுக்காகத்தானே அவ்வளவு விலை!"

"வால் எனக்குப் பின்னால வரும். இடுப்பு என்னோட வரும்."

முதல் வெட்டு விழுந்ததும் ஜெயந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த நாள் காலையில் தானாகவே வந்து, பக்கத் தையல்களைப் பிரிக்கிற வேலைக்கு இருந்தாள். கத்தரீனா வாலின் துணியில் நீளமான இரண்டு துண்டுகள் எடுத்தாள். இடையில் ஊசிமுனையாகத் தொடங்கி, இடுப்பில் இரண்டு அங்குலம் அகன்று, பாவாடை விரிகிற இடத்தில் மறுபடி ஒடுங்கி மறையும் துண்டுகள். துணியின் இழை ஓடும் பக்கம் பிசகாமல் வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்த்தாள். வாலின் ஓரத்தில் இருந்த லேஸ் பின்னலை வெட்டி அந்தத் தையல்களின் மேல் கையால் பொருத்தினாள். அதற்கு ஐந்து நாள் சென்றது.

ஆறாம் நாள் போட்டுப் பார்த்தாள். பாவாடை இடுப்பைத் தாண்டி இறங்கியது. ஜெயந்தா பின்னால் நின்று, நடுவிலிருந்து மேலும் கீழுமாக றிபனை இழுத்து முடிந்தாள். வளையங்களுக்கு இடையே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் மூன்று விரல் இடைவெளி.

"இப்ப கயிறு தன்ர வேலையைச் செய்யுது," என்றாள் கத்தரீனா. "பதினெட்டு எடுத்திருந்தால் நெஞ்சையும் இடையையும் அரை நாளில பிடிச்சிருப்பன்."

"எனக்கு விளங்கிட்டுது, மச்சாள். மன்னியுங்கோ."

"விளங்கினது காணும். கனடாவில ஆருக்கும் வாங்கிக் குடுக்கேக்க, அவையள் சொன்ன இலக்கத்தை எழுதும்."

கலியாணத்தன்று பின்னேரம் கோவில் நிறைந்திருந்தது. கன்னிப்பெண் போடுகிற வெள்ளை விதவைக்கோ என்று வாசலில் யாரோ முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. நின்று, அந்தப் பக்கம் திரும்பி, "தந்த நிறம்," என்று திருத்திவிட்டு நடந்தாள். பீடத்தின் முன் தடையில்லாமல் முழந்தாளிட்டாள். எந்தத் தையலும் விடவில்லை. குருசுமுத்து அவளைப் பார்த்துக்கொண்டே நின்றதில், பங்குத் தந்தை மோதிரத்தை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

விருந்தில் கத்தரீனா கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். பிறகு ஜெயந்தா கைபேசியோடு வந்து, பழக்கத்தில் நெஞ்சுவரைக்கும் மட்டும் படத்துக்குள் அடக்கினாள்.

கத்தரீனா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"பின்னுக்குப் போம், ஜெயந்தா. முழுக்க எடும்."