பின்னாடி இருக்கறவரை நான் பாத்துக்கறேன்

வேதசிரோமணி பல வருடங்களாகக் காரின் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறார். அந்தப் பக்கம் ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் மட்டும் தனியாக இருக்கும். வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுகிறார் என்று தெருவில் போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வலதுபக்கம் இருப்பவரும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பு கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேதசிரோமணியின் தொழில். ஓட்டுகிற களைப்பை விட, ஓட்டாதது போல இருக்கிற களைப்பு அதிகம்.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகும் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, அவருடைய பெத்தேல் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ஒரு கார், ஒரு மேஜை, சாலைக் குறியீடுகள் போட்ட ஒரு சார்ட். அந்தச் சார்ட்டில் யானை கடக்கும் இடத்துக்குக்கூடப் படம் உண்டு. தாம்பரத்தில் மாடு கடப்பதற்கு எந்தப் போர்டும் தேவைப்படுவதில்லை.

பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. பெருங்களத்தூர் பக்கம் புதிதாக ஒரு பெரிய பயிற்சி மையம் திறந்திருந்தார்கள். ஏசி அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டலாம். மோதினால் திரை சிவப்பாகும், அவ்வளவுதான். இளவட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. வேதசிரோமணிக்கு மிஞ்சியது நாற்பது, ஐம்பது தாண்டியவர்கள். சாவியைத் திருப்பும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். அவர்களிலும் ஒன்றிரண்டு பேர்தான்.

அவருடைய மச்சான் சவுரிமுத்து, சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவர். ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை.

"மச்சான், அடுத்த மாசம் புது வண்டி எடுக்கிறேன். டிரைவர் சீட்டு உனக்குத்தான். ஸ்கூலை மூடிட்டு வந்துரு. எத்தன நாளைக்குத்தான் பக்கத்து சீட்லயே குந்திகினு இருப்பே?"

பள்ளி தொடங்குமுன் வேதசிரோமணி செய்துகொண்டிருந்த வேலை அதுதான். பகலில் தூங்கி, ராத்திரி முழுக்க ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்துக்கு நடுவே குறட்டை விட்ட காலம். அந்த வயதிலேயே முடியவில்லை. இப்போது முழங்காலும் சேர்ந்து பேச ஆரம்பித்திருக்கிறது. மாதம் முடிவதற்குள் புதிதாக ஆட்கள் சேர்ந்தால் பள்ளி, சேராவிட்டால் சிறுசேரி வேன். அதனால்தான் ஒரு நோட்டீஸ் அடிக்க முடிவு செய்தார்.

பம்மலில் அச்சுக்கடை வைத்திருக்கும் கதிரேசன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"யாருக்கு சார் நோட்டீஸு?"

"வயசானப்புறம் கத்துக்க வர்றவங்களுக்கு. பயப்படறவங்களுக்கு."

"அப்டின்னா பயத்துல புட்ச்சி இழுக்கணும் சார். நேத்துதான் ஒரு மூலம் பவுத்திரம் டாக்டருக்கு அட்ச்சேன். சூப்பர் டிசைன். அதுலயே பச்சைய நீலமாக்கிடலாம்."

வேதசிரோமணிக்கு வாதாடத் தெம்பில்லை. காலையில் ஒருவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்திருந்தார். "உனக்குத் தெரியாததாப்பா" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார்.

நோட்டீஸ் வந்தது:

*காரைக் கண்டாலே நடுக்கமா? ஸ்டியரிங் பிடித்தால் வியர்க்கிறதா? விபத்து நேருமோ என்று தூக்கம் வரவில்லையா? இனி பயப்படாதீர்கள்! பயந்தவர்களின் ஒரே நம்பிக்கை, பெத்தேல் டிரைவிங் ஸ்கூல். 100% கியாரண்டி. ரகசியம் காக்கப்படும்.*

கடைசி வரி டாக்டருடையது. கதிரேசன் எடுக்க மறந்துவிட்டான். எடுத்திருக்க வேண்டும் என்று வேதசிரோமணிக்கும் தோன்றவில்லை. போதாததற்கு, 'பயந்தவர்களின் ஒரே நம்பிக்கை' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக்கி, காரின் பின்கண்ணாடிக்குக் கீழே, எல் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியும் கொடுத்தான். "இது ப்ரீ சார்."

பேப்பர்காரர்கள் நோட்டீஸை நாளிதழ்களுக்குள் செருகி வீடு வீடாகப் போட்டார்கள். ஒரே ஒரு போன் வந்தது. நடுக்கத்துக்கு மாத்திரை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

மறுநாள் காலை நாகலக்ஷ்மிக்கு வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்குக் கண் நரம்பில் கோளாறு, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஐம்பத்தொரு வயதில் கற்றுக்கொள்ள வந்தவர். வகுப்பறையில் அவர் திரும்பிப் பார்த்தாலே கடைசி பெஞ்சு அடங்கிவிடும். காரில் அவரே கடைசி பெஞ்சு.

வழக்கம்போல் வீட்டு வாசலில் கார் நின்றது. அம்மையார் வெளியே வந்தார், காரைச் சுற்றி வந்தார், பின்பக்கத்தைப் படித்தார், நேராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் அடித்தது.

"சார், தெரு முனைல போய் நில்லுங்க. அந்தக் கோயில் தாண்டி."

"ஏன்மா?"

"எதிர்வீட்டுல என் ஸ்டூடன்ட் இருக்கான் சார். இதுல நான் ஏறினா நாளைக்கு க்ளாஸ்ல என் பேரு என்னாகும்?"

முனையில் வந்து ஏறியவர் சீட்டைச் சரிசெய்தார், பெல்ட் போட்டார், கண்ணாடியைத் திருத்தினார்.

"ரகசியம் காக்கப்படும்னு பேப்பருக்குள்ள போட்டிருக்கீங்க. விஷயத்தைக் கார் பின்னாடி போட்டிருக்கீங்க. என்ன சார் கணக்கு இது?"

வேதசிரோமணி சாவியைக் காட்டினார்.

ஏரிக்கரைத் தெரு பெரிய சாலையைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன மேடு. அங்கே நின்று, இடம் பார்த்து, ஏற வேண்டும். நாகலக்ஷ்மி கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. வேதசிரோமணியின் கால் தானாகவே தன் பக்கத்துப் பிரேக்கில் இறங்கியது. வண்டி பின்னால் நகரவில்லை.

ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு ஷேர் ஆட்டோ, அதன்பின் ஒரு தண்ணீர் லாரி. நெருக்கமாக ஒட்டி நின்ற ஸ்கூட்டரில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். ஹாரனிலிருந்து விரலை எடுக்காமலே அவர் ஸ்டிக்கரைச் சத்தமாகப் படித்தார்.

"பயந்தவர்களின் ஒரே நம்பிக்கையா? அதான பார்த்தேன்! பயமா இருந்தா வீட்ல இருக்க வேண்டியதுதானேம்மா! எங்க உசுரை ஏன் வாங்கறீங்க?"

நாகலக்ஷ்மியின் கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. கண் உள்கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அதில் மீசையும் ஸ்கூட்டரும் தெரிந்தன.

"சார், நான் இறங்கிக்கறேன். நீங்க எடுங்க. இனிமே எனக்கு இது வேணாம்."

அவர் போய்விட்டால் அந்த வாரம் வேறு ஆளில்லை. ஆனால் வேதசிரோமணி அப்போது அதை நினைக்கவில்லை. இத்தனை வருடமும் தினமும் சொன்னதைத்தான் சொன்னார். பழக்கத்தில், கொட்டாவி விடுகிற குரலில்.

"நீங்க முன்னாடி பாருங்கம்மா. பின்னாடி இருக்கறவரை நான் பாத்துக்கறேன்."

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார்! ஸ்கூட்டர் சார்! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஹாரன் அடிக்கணும்னா என்னைப் பார்த்து அடிங்க. நான்தான் வாத்தியார். இவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"யோவ், ஆபீசுக்கு லேட்டாவுதுய்யா!"

"எனக்கும்தான் சார். அடிங்க, கேட்டுக்கறேன்."

மீசைக்காரர் அடிக்கவில்லை. கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டவனைப் பார்த்து ஹாரன் அடிப்பதில் சுவாரசியம் இல்லைபோல. ஸ்கூட்டரை ஒரு அடி பின்னால் உருட்டினார்.

நாகலக்ஷ்மி முன்னால் பார்த்தார். கிளட்ச், நியூட்ரல், சாவி. முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி லேசாக அதிரும் இடத்தில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைத் தொட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். கார் மேட்டில் ஏறியது. வேதசிரோமணியின் கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் காத்திருந்தது. தேவைப்படவில்லை.

சாலையோரம் நிறுத்தியதும் நாகலக்ஷ்மி கேட்டார். "நோட்டீஸ்ல இதை ஏன் சார் போடல?"

"எதை?"

"பின்னாடி இருக்கறவரை நான் பாத்துக்கறேன்னீங்களே."

"அது சும்மா சொல்றதுமா. எல்லாருக்கும் சொல்றது."

"எனக்குக் காரைக் கண்டா பயமில்ல சார். பின்னாடி இருக்கறவனைக் கண்டாத்தான் பயம். உங்க நோட்டீஸ்ல விபத்து வருது, நடுக்கம் வருது, வேர்வை வருது. படிச்சப்புறம்தான் எனக்கு வேர்த்துது."

அன்று மாலை இருவரும் கதிரேசன் கடையில் உட்கார்ந்தார்கள். நாகலக்ஷ்மி சொல்லச் சொல்ல அவன் அடித்தான். சில இடங்களில் அடிக்க மறுத்தான்.

*நீங்க முன்னாடி பாருங்க. பின்னாடி இருக்கறவங்களை நாங்க பாத்துக்கறோம்.*

*முதல் நாள் ஓட்ட வேண்டாம். இன்ஜினை அணைத்து வைத்து, எது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். வண்டி நடுவில் அணைந்துபோகும். எல்லாருக்கும் அணையும். மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். எங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. வீட்டு வாசலில் ஏறக் கூச்சமாக இருந்தால் முனையைச் சொல்லுங்கள், அங்கே நிற்கிறோம். எல்.எல்.ஆர். எடுக்க உதவுகிறோம். பெத்தேல் டிரைவிங் ஸ்கூல், பீர்க்கன்கரணை.*

"இன்னாக்கா இது, வண்டி அணையும்னு நாமளே சொல்றதா? பயம்ன்ற வார்த்தையே காணோம். கியாரண்டி கூட இல்ல. யாரு வருவா?"

"பயப்படாதேன்னு சொன்னா பயம் வரும் தம்பி. நீ அடி."

"கார் பின்னாடி இன்னா போடறது?"

"கத்துக்கறவங்களுக்கு அங்க ஒண்ணும் வேணாம். அவங்க உள்ள இருக்காங்க. பின்னாடி வர்றவனுக்குப் போடு. 'கொஞ்சம் பொறுங்க, ஒருத்தர் கத்துக்கறாங்க.'"

"கெஞ்சற மாதிரி கீது."

"கெஞ்சல்தான்" என்றார் வேதசிரோமணி. அந்தக் கடையில் அவர் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

இந்த முறை போன் அடித்தது. கூட்டமாக இல்லை, சொட்டுச் சொட்டாக. எத்தனை நாளில் லைசென்ஸ் என்று பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. "நிஜமாவே பேசுவீங்களா சார்? பின்னாடி இருக்கறவங்ககிட்ட?" என்றுதான் கேட்டார்கள். பேசுவதாகச் சொன்னார். மாதம் முடிவதற்குள், சவுரிமுத்துவிடம் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

விளம்பரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைச் செய்தாக வேண்டும் என்ற விஷயம் இந்தத் தொழிலில் அவருக்குப் புதிது. இப்போது காரில் ஏறுகிற ஒவ்வொருவரும், ஹாரன் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் லாரியிடம், ஷேர் ஆட்டோவிடம், பால் வண்டியிடம், எல்லாரிடமும் பேச வேண்டியிருக்கிறது. சாயங்காலம் தொண்டை கட்டிவிடுகிறது. முழங்காலுக்குத் துணை கிடைத்துவிட்டது.

ஒரு காலை புதிதாக ஒருவர் வந்தார். பெயர் அனந்தகிருஷ்ணன். பிள்ளை வாங்கிக் கொடுத்த கார், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உறை போட்டபடியே நிற்கிறதாம். ஸ்கூட்டரிலேயே ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறாராம். ரிட்டயர் ஆவதற்குள் ஒருநாளாவது காரில் போக வேண்டுமாம்.

வேதசிரோமணி அந்த நரைத்த மீசையைப் பார்த்தார். அனந்தகிருஷ்ணனும் அவரைப் பார்த்துவிட்டு, அவசரமாக ஸ்டியரிங்கைப் பார்த்தார். வேதசிரோமணி பெல்ட் போடச் சொன்னார். கடைசியில் ரகசியம் காக்கப்பட்டது.

ஏரிக்கரை மேட்டில் கார் குலுங்கி அணைந்தது. பின்னால் யாரோ விரலை எடுக்காமல் அடித்தார்கள். அனந்தகிருஷ்ணனின் காது சிவந்தது.

"சார்... பின்னாடி..."

வேதசிரோமணி ஒரு பெருமூச்சு விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

"நீங்க முன்னாடி பாருங்க சார்."